சேலத்தில் இருக்கும்போது மும்பையில் இருந்து லாகினா?

உங்கள் கணக்கில் புதிதாக யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று ஒரு மெயில். திறந்தால் மும்பை என்று ஊர் பெயர். நீங்களோ அஸ்தம்பட்டியைத் தாண்டிப் போய் ஒரு வாரம் ஆகிறது. இந்த இடத்தில் சிலர் பதறிப்போய் மெயிலில் இருக்கும் பட்டனை அழுத்துகிறார்கள், சிலர் "இது அடிக்கடி இப்படித்தான் வரும்" என்று அழித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் ஊர் பெயரை வைத்துத்தான் முடிவு எடுக்கிறார்கள், சிக்கலே அங்கேதான். அந்த மெயிலில் உள்ள எல்லாத் தகவல்களிலும் நம்பகம் குறைந்தது ஊர் பெயர். எந்த நேரத்தில் நடந்தது, எந்தக் கருவியில் நடந்தது, எந்த நிறுவனத்தின் இணைப்பு வழியாக வந்தது என்ற மூன்றும் அதைவிடக் கனமான சாட்சிகள்.

ஊர் பெயர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். லாகின் நடக்கும்போது கூகுளுக்கோ மைக்ரோசாஃப்டுக்கோ உங்கள் ஜிபிஎஸ் போவதில்லை. இடத்தைப் பற்றி அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் உங்கள் இணைய இணைப்பின் ஐபி எண் மட்டும்தான். அந்த எண்ணை ஒரு பெரிய பட்டியலில் தேடி, "இந்த எண் தொகுதி இந்த ஊர்ப் பக்கம்" என்று எழுதியிருப்பதை எடுத்துப் போடுகிறார்கள். இந்த எண்கள் தொகுதி தொகுதியாக நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. அந்த நிறுவனம் அதை எந்த ஊரில் பயன்படுத்துகிறது என்பது பெரும்பாலும் ஊகம்தான். சேலம் மேற்கில் பதிவான டி.என். 30 லாரி நாக்பூர் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எண் பலகையைப் பார்த்து "லாரி சேலத்தில் இருக்கிறது" என்று சொன்னால் எப்படியோ, ஐபி எண்ணைப் பார்த்து ஊர் சொல்வதும் பல நேரம் அப்படித்தான்.

மொபைல் டேட்டாவில் இது இன்னும் மோசம். ஏற்காட்டில் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தால், உங்கள் டேட்டா அங்கிருக்கும் டவரில் இருந்து நேராக இணையத்துக்குள் போவதில்லை. அது நிறுவனத்தின் உள் வலையிலேயே பயணித்து, ஏதோ ஒரு பெரிய நகரத்தில் இருக்கும் நுழைவாயில் வழியாகத்தான் வெளியே வருகிறது. வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது அந்த நுழைவாயிலின் எண். அது சென்னை என்று காட்டலாம், பெங்களூரு என்று காட்டலாம், மும்பை என்றும் காட்டலாம். அதே வீட்டில் வைஃபைக்கு மாறினால் சேலம் என்றோ கோயம்புத்தூர் என்றோ வரும். ஒரே ஃபோன், ஒரே நாற்காலி, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு ஊர்.

பட்டியல் எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம் போதும். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் ஐபி எண்ணுக்கு இடம் சொல்லும் பட்டியல் தயாரிக்கிறது. "அமெரிக்காவுக்குள் இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது" என்ற எண்களுக்கு எல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி எண்கள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. திருட்டுப் போனதைத் தேடியும் மோசடிக்காரனைத் தேடியும் பல வருடம் போலீசும் பொதுமக்களும் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகுதான் அந்தப் புள்ளியை ஒரு ஏரிக்கு நகர்த்தினார்கள். நாடு பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் பெயரை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சரி, அப்படியென்றால் எதைப் பார்ப்பது? நாகலூர் பக்கம் சின்ன ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவருக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு நாள் இரவு, சேலத்தில் பொறியியல் படிக்கும் அவருடைய அக்கா மகனின் ஃபோனுக்கு ஒரு மெயில் வந்தது. விண்டோஸ் கருவியில் புதிய லாகின் என்று கூகுள் எழுதியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மும்பை. அவன் முதலில் தன் கணக்கு போய்விட்டது என்றுதான் நினைத்திருக்கிறான். மெயிலை இரண்டாவது முறை நிதானமாகப் படித்த பிறகுதான் தெரிந்தது, அது மாமாவின் கணக்கைப் பற்றிய எச்சரிக்கை. மாமாவுக்கு ஜிமெயில் போட்டுக் கொடுத்தவனே அவன்தான், அப்போது தன் முகவரியை மீட்பு மெயிலாகக் கொடுத்திருந்தான். அதனால் நகல் அவனுக்கும் வந்திருக்கிறது. நம் குடும்பங்களில் இது ரொம்ப சகஜம், ஒரே பையன் நாலு பேருக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பான். ஆகவே மெயில் வந்ததும் பார்க்க வேண்டிய முதல் வரி, இது யாருடைய கணக்கு என்பது. தலைப்பிலோ அடியிலோ அந்த முகவரி இருக்கும்.

"மாமா, உங்க மெயிலை யாரோ பாம்பேல இருந்து திறந்திருக்காங்க. ஒன்பதே முக்காலுக்கு லேப்டாப்ல ஏதாச்சும் பண்ணீங்களா?"

"லேப்டாப்பே இல்லையேடா எங்கிட்ட. ஃபோன்தான் கையில இருந்துச்சு."

இந்தப் பதிலோடு நிறுத்தியிருந்தால் இது ஹேக்கிங் என்றே முடிவாகியிருக்கும். அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: இந்தக் கணக்கு வேறு எங்கெல்லாம் திறந்திருக்கிறது? வரவேற்பறை மேசையில் ஒரு கம்ப்யூட்டர். அது பழுதாகி, அன்று மாலைதான் சேலத்தில் இருந்து வந்த ஒருவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு மழை, பிராட்பேண்ட் இல்லை. மேசையில் இருந்த தம்பி தன் ஃபோன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, மறுநாள் வரப்போகும் விருந்தினர்களின் மெயிலைப் பார்ப்பதற்காக முதலாளி கணக்கில் நுழைந்திருக்கிறார்.

இப்போது ஒவ்வொரு வரியும் பொருந்துகிறது. "புதிய கருவி" என்று ஏன் வந்தது? மேசை அதே மேசைதான், ஆனால் உங்கள் கருவியைக் கூகுள் அடையாளம் வைத்துக்கொள்வது பிரவுசருக்குள் விட்டுவைக்கும் குக்கீ மூலமாக. விண்டோஸை அழித்துப் போட்டால் குக்கீயும் போய்விடும், பத்து வருடம் பழகிய கம்ப்யூட்டரும் புதியதாகத் தெரியும். இன்காக்னிட்டோவில் நுழைந்தாலும், பிரவுசரின் தரவுகளை அழித்தாலும், ஃபோனை ரீசெட் செய்தாலும், டிவியில் கணக்கைப் போட்டாலும் இதே மெயில் வரலாம். மும்பை ஏன் வந்தது? ஹாட்ஸ்பாட் மொபைல் டேட்டா, அதன் நுழைவாயில் அங்கே.

ஆனால் பொருந்துகிறது என்பது வேறு, நிரூபணம் வேறு. அதே நேரத்தில் வேறொருவனும் நுழைந்திருக்கலாமே? இங்கேதான் அந்தப் பையன் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. மாமாவின் ஃபோனில் கணக்கின் கருவிப் பட்டியலை, அதாவது `Your devices` பக்கத்தைத் திறக்கச் சொன்னான். அதில் அந்த மும்பை விண்டோஸ் லாகினைத் தொட்டு `Sign out` கொடுக்கச் சொன்னான். அப்புறம் மேசைத் தம்பியிடம் ஜிமெயில் பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னால், அது பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. வெளியேற்றப்பட்டது அந்தக் கம்ப்யூட்டர்தான் என்று உறுதியானது, பட்டியலில் வேறு விண்டோஸும் இல்லை. ஒருவேளை மேசையில் மெயில் அப்படியே திறந்திருந்தால், நாம் வெளியே தள்ளியது வேறு யாரையோ என்று அர்த்தம், உடனே அடுத்த வேலையில் இறங்கியிருக்க வேண்டும். ஊகத்தை முடித்துவைக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. நம்முடைய கருவியாகவே இருந்தாலும் நட்டம் ஒன்றும் இல்லை, மறுபடி லாகின் செய்துகொண்டால் போதும்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். மெயிலில் போட்டிருக்கும் நேரம் நம் நேரம்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மைக்ரோசாஃப்ட் மெயில்களில் ஜிஎம்டி என்று போட்டு வரும், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அதிகாலை 4:17 என்று பார்த்துவிட்டு "அந்நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தேனே" என்று பயப்படுவார்கள், நம் கணக்குக்கு அது காலை 9:47. அமெரிக்க மேற்குக் கரை நேரம் போட்டிருந்தால் பன்னிரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும், அவர்களுடைய குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இதைச் சரிசெய்த பிறகு அந்த நிமிடத்தில் நீங்களோ வீட்டில் யாரோ எங்கேயாவது லாகின் செய்தீர்களா என்று கேட்டாலே பாதிக்கு மேல் விஷயம் தெளிந்துவிடும்.

கருவிப் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு, இதை விவரம் தெரிந்தவர்களே சில நேரம் தவறவிடுகிறார்கள். உங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு 14, மெயிலில் ஆண்ட்ராய்டு 10 என்று இருக்கிறது. அல்லது லேப்டாப்பில் விண்டோஸ் 11, மெயிலில் விண்டோஸ் 10. உடனே வேறொருவன் கருவி என்று முடிவு கட்ட வேண்டாம். இணையதளங்கள் ஆட்களைப் பின்தொடர்வதைக் குறைப்பதற்காக, குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் தன்னைப் பற்றிச் சொல்லும் அடையாள வரியில் உண்மையான விவரத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டது. 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோம் எந்த ஃபோனாக இருந்தாலும் "Android 10; K" என்றே சொல்கிறது, விண்டோஸில் 11ஆக இருந்தாலும் 10 என்றே சொல்கிறது. அந்த வரியை மட்டும் படித்து மெயில் அனுப்பும் தளங்கள் அதையே நமக்கும் காட்டுகின்றன. பதிப்பு எண் பொருந்தாததை விட்டுவிடுங்கள். வகை பொருந்தாததை விடாதீர்கள். வீட்டில் ஒரு ஐஃபோன்கூட இல்லாதபோது ஐஃபோன் என்று வந்தால், லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத வீட்டில் லினக்ஸ் என்று வந்தால், அது கனமான செய்தி.

அடுத்தது ஐபி எண்ணின் சொந்தக்காரர் யார் என்பது. மெயிலிலோ கணக்கின் பாதுகாப்புப் பக்கத்திலோ ஐபி எண் கொடுத்திருந்தால், பிரவுசரில் `ipinfo.io/` என்று அடித்து அந்த எண்ணை ஒட்டுங்கள். கட்டளை வரி பழகியவர்கள் இப்படிக் கேட்கலாம் (எண் மாதிரிக்கு மட்டும்):

```
curl https://ipinfo.io/203.0.113.25/org
```

வரும் விடையில் ஊரை விட்டுவிட்டு நிறுவனப் பெயரையும் அதன் வலைக்கு உரிய AS எண்ணையும் பாருங்கள். `AS55836` என்றால் ஜியோ, `AS9829` என்றால் பிஎஸ்என்எல். நீங்கள் ஜியோ சிம் வைத்திருக்கிறீர்கள், மெயில் டெல்லி என்கிறது, நிறுவனம் ஜியோ என்றால் பயத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். பாதிதான், ஏனென்றால் ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவனாகவும் இருக்கலாம். ஆனால் `AS14061` என்று டிஜிட்டல்ஓஷன் வந்தாலோ, அமேசானின் `AS16509` வந்தாலோ அது வாடகைக்கு விடப்படும் சர்வர். வீட்டிலோ கடையிலோ உட்கார்ந்து மெயில் பார்க்கும் மனிதர் அந்த வழியாக வருவதில்லை. அதற்கு நியாயமான காரணம் இரண்டு இருக்கலாம்: நீங்கள் விபிஎன் போட்டிருக்கிறீர்கள், அல்லது உங்கள் மெயிலைத் தன் சர்வர் வழியாக எடுத்துக் காட்டும் வேறு நிறுவனத்தின் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். இரண்டும் இல்லையென்றால் அதை உண்மையான ஊடுருவலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் கூடுதல் ஆபத்து: தெரிந்த ஊர் பெயரைப் பார்த்து நிம்மதி அடைவது. 2023 மே மாதம் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், நிறுவனங்களின் மெயிலைக் குறிவைப்பவர்கள் பாதிக்கப்படுபவர் இருக்கும் பகுதியிலேயே உள்ள வீட்டு இணைப்புகளின் ஐபி எண்களை விலைக்கு வாங்கி, அதன் வழியாக நுழைகிறார்கள் என்று சொன்னார்கள். தொலைதூர லாகின் என்று எச்சரிக்கை எழாமல் இருப்பதற்காகவே இதைச் செய்கிறார்கள். சேலத்தில் இருக்கும் ஒருவருக்கு "சேலம்" என்று வந்தால் அவர் மெயிலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அவ்வளவு பெரிய ஆள் வேண்டாம், புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க அங்கே மெயிலைத் திறக்கிறீர்கள். அப்போது எச்சரிக்கை வருகிறது, விண்டோஸ், சேலம், நேரமும் சரி, நீங்கள்தான். வெளியேற மறந்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் யார் உங்கள் மெயிலைத் திறந்தாலும் புதிய எச்சரிக்கை வராது, ஏனென்றால் அது ஏற்கெனவே அறிமுகமான கருவி. எச்சரிக்கை மெயிலை மட்டும் நம்பியிருப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது. கருவிப் பட்டியலில் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு கருவிக்கும் கடைசியாக எப்போது பயன்படுத்தப்பட்டது என்று அங்கே இருக்கும். கடைக்குப் போய் பத்து நாள் ஆகிறது, பட்டியலில் அந்த விண்டோஸ் இன்று காலையில் இயங்கியிருக்கிறது என்றால், கடையில் யாரோ உங்கள் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள் அல்லது குறைந்தபட்சம் அந்தப் பிரவுசர் திறந்தே கிடக்கிறது. பார்த்தவுடன் வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், அங்கே `Save password` கேட்டபோது என்ன அழுத்தினீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

எச்சரிக்கை மெயிலே போலியாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். இருக்கலாம், நிறையவே வருகிறது. அனுப்புநர் முகவரியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லித் தருவார்கள், அது இப்போது போதாது. 2025 ஏப்ரலில், கூகுளே அனுப்பிய ஒரு உண்மையான எச்சரிக்கையை அதன் டிஜிட்டல் கையெழுத்து கெடாமல் வேறு ஆட்களுக்குத் திருப்பி அனுப்பிய மோசடி ஒன்று வெளியே வந்தது. அனுப்புநர் இடத்தில் `no-reply@accounts.google.com` என்றே இருந்தது, சரிபார்ப்பிலும் தேறியது, இணைப்பும் `sites.google.com` என்ற கூகுள் முகவரிக்கே போனது. அதனால் மெயில் உண்மையா பொய்யா என்ற ஆராய்ச்சியையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. மெயிலை ஒரு சேதியாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் எதையும் அழுத்தாமல், பிரவுசரில் நீங்களே `myaccount.google.com/notifications` என்று அடித்துப் போங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும். இன்ஸ்டாகிராம் என்றால், நிறுவனம் சமீபத்தில் உங்களுக்கு அனுப்பிய மெயில்களின் பட்டியல் செயலிக்குள்ளேயே பாஸ்வேர்டு, பாதுகாப்பு பகுதியில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் வாசகத்தையும் கவனியுங்கள். முயற்சி தடுக்கப்பட்டது என்பதும் லாகின் நடந்தது என்பதும் ஒன்றல்ல. மைக்ரோசாஃப்ட் கணக்கின் `Recent activity` பக்கத்தைத் திறந்தால் உலகத்தில் இல்லாத ஊரில் இருந்தெல்லாம் `Unsuccessful sign-in` என்று வரிசையாக இருக்கும். அது கசிந்த மெயில் முகவரிகளை வைத்து இயந்திரங்கள் தட்டிப் பார்ப்பது, கதவு பூட்டியே இருக்கிறது. ஆனால் "சரியான பாஸ்வேர்டு கொடுக்கப்பட்டது, நாங்கள் தடுத்தோம்" என்ற பொருளில் ஏதாவது இருந்தால், நுழையாவிட்டாலும் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது. அதை அன்றே மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டு வேறு எங்கே இருக்கிறதோ அங்கேயும்.

எல்லாம் பார்த்த பிறகும் அந்த லாகின் யாருடையது என்று விளங்கவில்லை என்றால், உண்மை என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள். எந்தக் கருவியில் உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பது முக்கியம். சந்தேகம் லேப்டாப்பின் மேலே இருந்தால், அதில் பாஸ்வேர்டு திருடும் நிரல் உட்கார்ந்திருந்தால், அங்கேயே புதிய பாஸ்வேர்டு போடுவது அதையும் தூக்கிக் கொடுப்பதுதான். ஃபோனில் இருந்து மாற்றுங்கள். பாஸ்வேர்டு மாற்றினாலே எல்லோரும் வெளியேறிவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். அனுமதி வாங்கி வைத்திருக்கும் வேறு செயலிகள் சில கருவிகளில் அப்படியே தொடரும் என்று கூகுளே சொல்கிறது. எனவே கருவிப் பட்டியலில் தெரியாத ஒவ்வொன்றையும் தனித்தனியே வெளியேற்றி, தெரியாத செயலிகளின் அனுமதியையும் நீக்குங்கள். மீட்பு ஃபோன் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள். நுழைந்தவன் அதை மாற்றியிருந்தாலும், பழைய எண்ணுக்கே குறியீடு அனுப்ப ஏழு நாள் வரை கூகுள் வாய்ப்புத் தரலாம், ஆகவே அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, பலர் பார்க்காமல் விடும் இடம், ஜிமெயில் அமைப்புகளில் உள்ள ஃபில்டர்களும் ஃபார்வர்டிங்கும். நுழைந்தவன் பாஸ்வேர்டு மாறியதும் வெளியே போய்விடுவான், ஆனால் "வங்கி என்ற சொல் உள்ள மெயில் எல்லாம் இந்த முகவரிக்குப் போகட்டும், இங்கே குப்பையில் விழட்டும்" என்று அவன் எழுதி வைத்த விதி வேலை செய்துகொண்டே இருக்கும். இதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் முழுதாகப் பார்க்க முடியும், ஃபோன் செயலியில் தெரியாது. குப்பைத் தொட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், நீங்கள் தொடாத எச்சரிக்கை மெயில் அங்கே கிடந்தால் அதை அழித்தது யார் என்று வேறு சாட்சி தேவையில்லை. பணம் ஏதாவது போயிருந்தால் இந்த வேலைகளுக்கு நடுவிலேயே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்துவிடுங்கள், மெயிலில் இருந்த நேரம், ஐபி எண் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொண்டு.